பத்து முறை படித்தாகிவிட்டது!

எங்கள் கடைத் திறப்பு விழா விளம்பர வாசகத்தைப் பத்து முறை படித்துவிட்டேன். இனி பதிவிடலாம்தானே?
– ஒரு வாசகர், கனகசெட்டிக்குளம்

படித்தீர்கள், சரி. போன் போட்டீர்களா? மனப்பாடமாகத் தெரிந்த எண்ணை அழுத்தினால் எப்போதும் உங்கள் கடையில்தான் மணி அடிக்கும். விளம்பரத்தில் இருப்பதை ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து அழுத்துங்கள். வேறு யாரோ 'ஹலோ' சொன்னால், திறப்பு விழா அவர் வீட்டில்!

தேதியைக் கிழமையோடு மோதவிடுங்கள். '2026 ஆகஸ்ட் 16, திங்கள்' என்றிருந்தால் இரண்டில் ஒன்று பொய், அன்று ஞாயிறு.

ஊர்ப் பெயரைக் கடைசியாக, வேறொருவரை விட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே கணபதிசெட்டிக்குளம் இருக்கிறதே! அவசரத்தில் அதைப் போட்டுவிட்டால் எழுத்துப்பிழை ஒன்றுகூட இருக்காது. வாடிக்கையாளரும் இருக்கமாட்டார்.