காய் பறிக்க ஆள் வேணுமுங்களா?

கே: என்னிடம் இருப்பது பட்டன் போன் மட்டும். வீட்டில் இருந்தே சம்பாதிக்க முடியுமா? (வாசகி, வடவள்ளி)

உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் தென்னை நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பொள்ளாச்சித் தோப்புகளில் 45 நாளைக்கு ஒருமுறை வெட்டுக்கு ஆள் வந்துவிடும். கோவை நகரத்தில் இரண்டு மரம் வைத்திருப்பவருக்கோ ஆள் கிடைக்காது. மரம் ஏறுபவருக்கும் இரண்டு மரத்துக்காக அவ்வளவு தூரம் வந்தால் கட்டாது. ஒரே பகுதியில் எட்டு வீட்டு ஆர்டரை ஒரே நாளில் சேர்த்துக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. அதற்கு ஒரு போனும் ஒரு நோட்டும் போதும்.

கே: மரம் ஏறுபவரை எங்கே பிடிப்பது? (வாசகர், துடியலூர்)

முதலில் உங்கள் பகுதிக்கு ஏற்கெனவே வந்துபோகிறவரிடம் பேசுங்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ‘தென்னை மரத்தின் நண்பர்கள்’ என்ற பயிற்சியில் கருவி மாட்டி ஏறக் கற்றுக்கொடுத்து வருகிறது. பயிற்சி பெற்றவரையும் விவசாயியையும் போனிலேயே இணைக்க ‘ஹலோ நாரியல்’ என்ற அழைப்பு மையமும் வைத்திருக்கிறது. நீங்கள் செய்யப்போவது அதன் தெரு அளவு வடிவம்.

கே: ஆர்டர் எடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்? (வாசகி, கணபதி)

“ஏனுங்க, நாளைக்குக் காய் பறிக்க ஆள் வருமுங்களா?” என்று போன் வரும். “வியாழக்கிழமை காலைல ஏழு மணிக்கு வருவாருங்க” என்று சொன்னதும் வைத்துவிடாதீர்கள். எத்தனை மரம், எவ்வளவு உயரம், கீழே ஓட்டுக்கூரையோ சிமென்ட் ஷீட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். இளநீர் வேண்டுமென்றால் குலையைக் கயிறு கட்டி இறக்க வேண்டும். அதற்கு நேரம் கூடும். மட்டை கழித்துவிட வேண்டுமா, கழித்த மட்டையை அள்ளுவது யார் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். சண்டை பெரும்பாலும் மட்டையில்தான் வரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, மரத்தருகே மின்கம்பி போகிறதா என்பது. போகிறதென்றால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் ஆள் அனுப்ப வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த ஆர்டரே வேண்டாம். மரம் ஏறுபவர்களுக்கென தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ விபத்துக் காப்பீடு இருக்கிறது. பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. அதில் சேராதவரைச் சேரவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கே: கையில் என்ன நிற்கும்? (வாசகர், பீளமேடு)

மரத்துக்கு 150 ரூபாய் கூலி, அதில் உங்களுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். எட்டு வீட்டில் 22 மரம் என்றால் உங்களுக்கு 440, ஏறுபவருக்கு 2,860. மாதத்தில் 12 நாள் இப்படி அமைந்தால் உங்கள் பங்கு 5,280. வீட்டு மரங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் போகும் என்று கொண்டால், 12 நாளையும் நிரப்ப நோட்டில் கிட்டத்தட்ட 200 வீடு வேண்டும். அவ்வளவு சேர நாள் பிடிக்கும். அதுவரை இதை மட்டும் நம்பி இருக்கிற வேலையை விடாதீர்கள். செலவு குறைவுதான். டேட்டா இல்லாமல் பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டும் ரீசார்ஜ் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டுவிட்டது; கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கே: ஏறுபவர் என்னை விட்டுவிட்டு நேராக வீட்டுக்காரரிடம் போய்விட்டால்? (வாசகி, சிங்காநல்லூர்)

சிலர் போவார்கள். ஆனால் மரத்தின் உச்சியில் இருப்பவர் போனை எடுக்க முடியாது. எந்த வீட்டில் கடைசியாக எப்போது வெட்டியது, அடுத்து எப்போது என்ற கணக்கு உங்கள் நோட்டில்தான் இருக்கும். தேதி நெருங்கும்போது வீட்டுக்காரரை நீங்களே கூப்பிட்டால் அவர் உங்களை விடமாட்டார். எண்களைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். சிம்மில் பெரும்பாலும் 250 எண்களோடு இடம் தீர்ந்துவிடும்.

கே: முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டு ஆர்டர் கேட்கலாமா? (வாசகர், சரவணம்பட்டி)

கூடாது. சாதாரண எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு செய்வது டிராய் விதிக்கு எதிரானது. 2025-ல் திருத்திய விதிப்படி பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை உண்டு. எண் போனால் தொழிலே போச்சு. மளிகைக்கடை, இஸ்திரி வண்டி, அடுக்குமாடிக் காவலாளி ஆகியோரிடம் உங்கள் எண் எழுதிய சீட்டு கொடுத்து வையுங்கள். அழைப்பு வீட்டுக்காரர்களிடமிருந்து வரட்டும்.

கே: பணம் வாங்குவது எப்படி? (வாசகி, காரமடை)

கூலியை வீட்டுக்காரர் ஏறுபவரிடமே கொடுக்கட்டும். உங்கள் பங்கை அவர் சாயங்காலம் தருவார். வங்கிக் கணக்கில் போடச் சொன்னால், இருப்பை *99# அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிய யுபிஐ 123பே வழியாகப் பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்பவும் முடியும். பின் நம்பர், பணம் அனுப்பவும் இருப்பு பார்க்கவும்தான். “பணம் போடுகிறேன், பின் நம்பரைச் சொல்லுங்க” என்று யாராவது கேட்டால் உடனே போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கே: மழை வந்தால்? (வாசகர், மேட்டுப்பாளையம்)

ஈர மரத்தில் ஏறக் கூடாது. காலை ஆறு மணிக்கே எட்டு வீட்டுக்கும் போன் போட்டு வேறு நாள் சொல்லிவிடுங்கள்.