மூன்று கோளாறு, ஒரே குற்றவாளி

கேள்வி: பதினேழு வயதாகியும் பூப்படையாத பெண்ணுக்கு இரத்த அழுத்தம் அதிகம், பொட்டாசியம் குறைவு என்றால் மூன்று மருத்துவர்களைப் பார்க்க வேண்டுமா?
– வாசகர், வாலிகண்டபுரம்

பதில்: மூன்று மருத்துவர்களும் தத்தம் மாத்திரையை எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடைக்காரர் மகிழ்வார், நோய் அசையாது. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பியில், கார்டிசோலுக்கும் பால் ஹார்மோன்களுக்கும் வழிவிடும் 17 ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதி பிறவியிலேயே குறைந்தால், இரண்டு மடை அடைபட்ட வாய்க்கால்போல மூலப்பொருள் முழுவதும் மூன்றாம் வழியில் பாய்கிறது. கார்டிசோல் குறைந்ததைக் கண்ட பிட்யூட்டரி, ஏசிடிஎச் என்னும் தூண்டு ஹார்மோனை மேலும் அனுப்ப, உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் டிஆக்சிகார்டிகோஸ்டிரோன் பெருகி, அழுத்தம் ஏறுகிறது. உடன் பெருகும் கார்டிகோஸ்டிரோன் ஓரளவு கார்டிசோலின் வேலையைச் செய்வதால் பெரும்பாலும் உயிராபத்து நேர்வதில்லை. நோய் பல ஆண்டுகள் ஒளிந்திருப்பதும் இதனால்தான். சூலகத்துக்கும் இதே நொதி தேவை என்பதால் பூப்பு நிகழ்வதில்லை, அக்குளிலும் முடி முளைப்பதில்லை.

1966-இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் பிக்ளியரி இதனை முதன்முதலாக விவரித்தபோது நோயாளிக்கு வயது 35. அழுத்தம் உயர்ந்திருந்தும் இரத்தத்தில் ரெனின் தாழ்ந்தும் புரோஜெஸ்டிரோன் உயர்ந்தும் இருப்பது துப்பு. குரோமோசோம் சோதனையும் தேவை. எக்ஸ்ஒய் அமைப்புள்ள குழந்தையும் இக்குறையால் பெண்ணுருவிலேயே வளரக்கூடும். சிறிதளவு ஹைட்ரோகார்டிசோன் கொடுத்தால் ஏசிடிஎச் அடங்கி, அழுத்தமும் பொட்டாசியமும் பெரும்பாலும் சீராகின்றன. பூப்பு மாற்றங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் தனியே வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியவர் ஒருவரே: நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்.