பெஞ்சில் இருப்பவரின் சட்டம்

கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஏதாவது ஓர் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், கடைத்தெரு முடிகிற இடத்தில் ஒரு நற்பணி மன்றம் தென்படும். பெயர்ப்பலகையில் எழுதிய நற்பணி என்னவோ, உள்ளே நடக்கும் பணி கேரம். தாழத் தொங்கும் ஒரு பல்பு, அதன் கீழே ஒரு போர்டு, போர்டைச் சுற்றி நாலு பேர், சுவரோரம் ஒரு பெஞ்சு. ஆடுகிற நாலு பேரை விட்டுவிட்டு அந்தப் பெஞ்சைப் பாருங்கள். தை அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்த பிறகு, ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று காத்திருக்கும் சித்திரை, வைகாசியில் அதில் எட்டுப் பேராவது நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மன்றத்துக் கேரம் விதிகளை உண்டாக்கியவர்கள் இவர்கள்தாம் என்பது என் கட்சி. ஆடுகிறவனுக்காகப் போட்ட விதி என்று அங்கே அநேகமாக எதுவுமில்லை. எல்லாம் அடுத்து உட்காரக் காத்திருப்பவனுக்காகப் போட்டது.

அத்தாட்சி வேண்டுமென்றால், எந்த விதியை மன்றம் வைத்துக்கொண்டது, எதைக் கைவிட்டது என்று பார்த்தால் போதும். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் நம் சென்னையில் பிறந்தது. அதன் விதிப்படி ஓர் ஆட்டம் என்பது 25 பாயிண்ட் அல்லது 8 போர்டு; மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தவருக்கு வெற்றி. இதை அப்படியே மன்றத்தில் அமல்படுத்தினால், பெஞ்சில் இருப்பவருக்கு முறை வருவதற்குள் கல்லணையிலிருந்து கடைமடைக்குத் தண்ணீரே வந்துவிடும். ஆகவே மன்றம் பாயிண்டைத் தூக்கி எறிந்தது. ஒரே போர்டு, தோற்ற ஜோடி எழுந்திருக்க வேண்டியது. ஆனால் ரெட்டைப் போடாமல் கடைசிக் காயைப் போட்டவன் போர்டையே இழப்பான் என்ற சர்வதேச விதியை மட்டும் எழுத்துப் பிசகாமல் வைத்துக்கொண்டது. ஏன்? ஒரே அடியில் இரண்டு இடம் காலியாகிறது. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பெஞ்சு, அந்தக் காய் விழும்போது எழுந்து நின்று சிரிக்கும்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். பாயிண்டே இல்லையென்றால் ரெட்டுக்குள்ள மூன்று பாயிண்டுக்கு என்ன மதிப்பு? ரெட் போட்டு, அடுத்த அடியிலேயே ஃபாலோவும் போட்டாக வேண்டும், தவறினால் ரெட் நடுவுக்குத் திரும்பும் என்ற தொல்லையை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? நியாயமான கேள்விதான். பதில் என்னவென்றால், மன்றத்தில் ரெட் என்பது பரிசு அல்ல, பூட்டு. அது போர்டில் கிடக்கும்வரை யாராலும் ஆட்டத்தை முடிக்க முடியாது. ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்கு ஒரே காய் பாக்கி. அது இடது மூலைப் பாக்கெட்டின் வாயிலேயே தொங்குகிறது. கறுப்புக்கு ஐந்து காய் பாக்கி. ரெட் நடுவட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. அடி கறுப்பினுடையது. புதுப் பையன் என்றால் முதலில் அந்தத் தொங்கும் வெள்ளையைத் தட்டிவிட்டு எதிராளியைக் கடுப்பேற்றலாமா என்று கை துறுதுறுக்கும். தட்டினால் தொலைந்தான், ரெட் கிடக்கும்போது எதிராளியின் கடைசிக் காயைப் போட்டாலும் போர்டு போச்சு. சரி, ரெட்டையே போட்டு ஃபாலோவும் போட்டுவிடலாம் என்று தோன்றும். பாயிண்ட் ஆட்டத்தில் அது புத்திசாலித்தனம், எதிராளிக்கு மூன்று பாயிண்ட் போகாமல் தடுத்தாயிற்று. ஒரே போர்டு ஆட்டத்தில் அது பூட்டைத் திறந்து சாவியையும் எதிராளி கையில் கொடுக்கிற வேலை. ரெட்டும் ஒரு கறுப்பும் விழுந்த பிறகு மிச்ச நாலு கறுப்பில் ஒன்று தவறினாலும், வெள்ளைக்காரர் வாயில் தொங்குவதைச் செல்லமாகத் தட்டிவிட்டு, "எந்திரிங்கண்ணே" என்பார். விவரமானவர் ரெட்டைத் தொடமாட்டார். ஒரு கறுப்பைப் போட்டபடியே, ரெட்டை எதிராளிக்கு எட்டாத கட்டையோரத்துக்கு நகர்த்திவிடுவார். அடி கைமாறியதும் வெள்ளைக்காரர் ரெட்டுக்காகப் பலமாக அடித்தாக வேண்டும். பலமாக அடித்தால் ஸ்ட்ரைக்கர் ஊர் சுற்றும். சுற்றுகிற ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால் ஃபைன். எட்டுக் காய் போட்டவரும் தோற்கலாம் என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது. தொடர்ந்து ஜெயித்து நாற்காலியில் ஒட்டிக்கொண்டவரைக் கிளப்பப் பெஞ்சுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

ஃபைன் என்றதும் ஒன்று. ஸ்ட்ரைக்கர் விழுந்தால், போட்ட காயில் ஒன்றை எடுத்து நடுவில் வைக்க வேண்டும். காயே போடாதவனுக்கு அது கடனாக நிற்கும். முதல் காய் விழுந்ததும் வசூல். கூட்டுறவுப் பயிர்க்கடன் 2016-இலும் 2021-இலும் தள்ளுபடியானது. மன்றத்து ஃபைன் பாக்கி தள்ளுபடியானதாகச் சரித்திரம் கிடையாது. நடுவர் இல்லாத இடத்தில் சின்னச் சின்ன ஃபவுல்களைக் கவனிப்பதும் பெஞ்சின் பொறுப்பே. ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட வேண்டும். ஓரத்து வட்டத்தில் வைத்தால் முழுக்க மூட வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. அரையும் குறையுமாக வைத்தால், பெஞ்சிலிருந்து ஒருவர் குனிந்து கண்ணைப் போர்டு மட்டத்துக்குக் கொண்டுவந்து, "தம்பி, வட்டம் கடிக்குது" என்பார். கை மூலை அம்புக்கோட்டைத் தாண்டினாலும் அவரே சொல்வார். பவுடரைக் கொட்டுகிற அளவும் அவர் கண்காணிப்பில்தான் இருக்கும். ஐப்பசி அடைமழையில் போர்டு நமத்துப்போய்க் காய் நகராமல் கிடக்கும்போது, அவசரக்காரன் பிடி பிடியாக அள்ளிப் போடுவான். அது ஈரத்தில் திரண்டு நடுவழியில் காயை நிறுத்தும். சிட்டிகை தூவி உள்ளங்கையால் தேய்ப்பதே மரியாதை. பெஞ்சு இத்தனையும் பேசலாம், யோசனை மட்டும் சொல்லக் கூடாது. "மாமா, அந்தக் கட்" என்று ஒருவர் முனகுவதோடு அந்தச் சட்டம் தினமும் மாலை ஆறு மணிக்கு மீறப்படுகிறது.

என் கட்சிக்கு எதிரான வலுவான சாட்சி கட்டைவிரல். சர்வதேச விதி கட்டைவிரல் அடியை அனுமதிக்கிறது. பல மன்றங்கள் கூடாது என்கின்றன. பின்னால் கிடக்கும் காயை அதனால் சுலபமாகப் போடலாமே, போர்டு சீக்கிரம் முடிந்தால் பெஞ்சுக்கு லாபம்தானே என்று கேட்பீர்கள். போர்டு சீக்கிரம் முடியும், ஆனால் எழுந்திருப்பவர் எப்போதும் எதிராளியாக இருப்பார். பழகிய கட்டைவிரல்காரர் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் ராத்திரி விளக்கணைக்கும்வரை அசையமாட்டார். இந்த விளக்கம் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று நான் சாதிக்கவில்லை. சில ஊர்களில் அது வெறும் பழக்கம், பெரியவர்கள் வேண்டாமென்றார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு ஆட்சேபம், இப்படி ஆளுக்கொரு சட்டம் வைத்தால் போட்டிக்குப் போகும் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது. அந்தப் பயம் வேண்டாம். இரண்டு முறை உலக சாம்பியனாகி, 1996-இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயமும், 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அள்ளிய காசிமாவும் சென்னைக்காரர்கள். போட்டி என்று இறங்கிவிட்டால் போட்டி விதியில்தான் பழகியாக வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். மன்றத்துச் சட்டம்தான் கஷ்டம், ஊருக்கு ஊர் மாறும். ரெட் விழுந்தாயிற்று, ஃபாலோ காயோடு ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து விழுகிறது. ரெட்டும் காயும் ஃபைனும் சேர்த்து எல்லாம் நடுவுக்கு என்று ஓர் ஊர் சொல்லும். காயும் ஃபைனும் வை, ஃபாலோவுக்கு இன்னொரு அடி உண்டு என்று ஆற்றுக்கு அக்கரை ஊர் சொல்லும். மாமனார் ஊர் மன்றத்தில் போய் உட்காருகிற மாப்பிள்ளை, பவுடரில் கை வைப்பதற்கு முன் இந்த ஒன்றைக் கேட்டுக்கொள்வது உத்தமம். கேட்க வேண்டியது எதிரே ஆடுகிறவரிடம் அல்ல, பெஞ்சில்.