பட்டை சுருங்கிவிட்டது, பிரபு!

இங்கிலாந்தின் நான்காம் ஜார்ஜ், ராஜாவாவதற்கு முன் இளவரசராகவே கிழடு தட்டியவர். அப்பா சிம்மாசனத்தை விட்டு நகருகிற வழியாக இல்லை. பையன் என்ன செய்வான்? தின்றான், குடித்தான், சீட்டாடினான், புதுப்புது கோட்டாகத் தைத்துப் போட்டான். 1795இல் கடன் சுமார் 6,30,000 பவுண்டு. 1797இல், 35 வயதில், எடை ஏறக்குறைய 111 கிலோ.

அந்தக் காலத்துத் தையல்காரரிடம் இஞ்ச் டேப் கிடையாது. ஆளுக்கொரு நீளமான தோல் பட்டை. அதை மார்பில் சுற்றி, முனை தொடும் இடத்தில் கத்தரியால் ஒரு வெட்டு, இடுப்புக்கு இன்னொரு வெட்டு, கைக்கு ஒன்று. பட்டையில் பேரை எழுதி ஆணியில் மாட்டிவிடுவார். எண்ணே இல்லாததால் இதில் ஒரு சௌகரியம்: யாருடைய இடுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

இளவரசருக்கு அளவெடுத்த படலம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"என் அளவு என்றைக்கும் ஒன்றுதான். பழைய பட்டையை வைத்தே வெட்டு."

"உத்தரவு பிரபு. ஒரு சம்பிரதாயத்துக்கு மட்டும்..." என்று தையல்காரர் பழைய பட்டையை இடுப்பில் சுற்றினார். வெட்டுக்கும் முனைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"என்ன அது?"

"பட்டை சுருங்கிவிட்டது, பிரபு. ஆட்டுத்தோல்தானே!"

"அதானே பார்த்தேன்" என்றார் இளவரசர், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே.

தொழில் தெரிந்தவன் அந்த நேரத்தில் வெட்டுப் போடமாட்டான். வயிற்றை எக்கிப் பிடித்தபோது எடுத்த அளவில் தைத்தால், மூச்சு விட்டதும் பொத்தானிலிருந்து நாலு பக்கமும் சுருக்கம் ஓடும். கோட்டின் பின்பக்க வால் பிளந்து நிற்கும். "பிரபு, போன வாரக் குதிரைப் பந்தயம்..." என்று தையல்காரர் பேச்சை எடுத்தார். இளவரசர் வாயைத் திறந்தார். வயிறு தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. கத்தரி நறுக்கென்றது.

புதுப் பட்டை மடிக்குள் போனது. பழையது மரியாதையாக ஆணிக்குத் திரும்பியது. அடுத்த வருஷத்தை உத்தேசித்து இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே தாராளமாகத் துணி விடப்பட்டது. பழைய பில்லைப் பற்றி மூச்சு விடவில்லை.

1812இல் லீ ஹண்ட் என்ற பத்திரிகைக்காரர், இளவரசர் ஐம்பது வயதுத் தடியர் என்று அச்சிலேயே போட்டுவிட்டார். ஹண்டுக்கும் அவர் அண்ணனுக்கும் இரண்டு வருஷம் ஜெயில், ஆளுக்கு 500 பவுண்டு அபராதம். 1824இல் ராஜாவின் வயிற்றைக் கட்டும் கச்சையே 50 அங்குல இடுப்புக்குத்தான் தயாரானது.

உண்மையை அச்சடித்தவனுக்குச் சிறை. அதையே தையலுக்குள் மடித்து வைத்தவனுக்கு அடுத்த கோட்டு.