லண்டன் கடிகாரமும் மதுரை விமானமும்

கேள்வி: நவம்பரில் லண்டனிலிருந்து வர, மகன் ஜூனிலேயே டிக்கெட் எடுத்தான். சென்னைக்கு விடிகாலை 3.30 என்றிருந்தது இப்போது 4.30 ஆகிவிட்டதே, ஏன்?
– வாசகி, மதுரை

பதில்: விமானம் சோம்பவில்லை அம்மா, லண்டன் கடிகாரம்தான் பின்னால் போனது! அக்டோபர் கடைசி ஞாயிறன்று பிரிட்டன் ஒரு மணி நேரத்தைக் குறைக்கும். குளிர்கால விமான அட்டவணையும் அன்றே தொடங்கும். பல மாதங்களுக்கு முன் விற்கும்போது கோடை நேரத்தையே உத்தேசமாகப் போட்டிருப்பார்கள். லண்டனில் பகல் 1 மணிக்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்தால், கோடையில் இங்கே 3.30, குளிர்காலத்தில் 4.30. நம் கடிகாரம் அசையாது.

மகன் சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறும் விமானம் எப்போது என்று உடனே பாருங்கள். இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட் என்றால், மதுரை விமானத்தைத் தவறவிட்டால் மாற்றித் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால், அந்த ஒரு மணி நேரம் உங்கள் தலையில்தான்!