எந்தத் தேதிக்கு, சார்?

வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்துவிடலாம் என்று முடிவானதும், கடன் கொடுத்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். கல்லூரி மலரில் கட்டுரை எழுதியவன் ஆயிற்றே! பதினோரு வருட உறவு, தவறாத தவணை, பிரியும் வேளையின் கனம் என்று ஒன்றரைப் பக்கம் ஓடியது. கடைசி வரியில்தான் பாக்கி எவ்வளவு என்று கேட்டிருந்தேன்.

கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகப் படித்தாள். "லோன் நம்பர் எங்கே சார்? எந்தத் தேதிக்குக் கணக்கு வேணும்?"

"இன்னிக்குத்தாம்மா."

"இன்னிக்கே கட்டிடுறீங்களா?"

பணம் எஃப்.டி.யில் தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பிவிட்டேன்.

மனைவி என் காவியத்தை நான்கு வரியாக்கினாள். கடன் எண், அடைக்கப்போகும் 10ஆம் தேதி, அன்றுவரை அசல், வட்டி, அபராதம் தனித்தனியாக, ஒரு நாள் தள்ளினால் ஏறும் வட்டி. அபராதம் உண்டென்றால் எந்த ஷரத்துப்படி என்று ஒரு கேள்வியை வாலில் கட்டினாள். என் பங்கு கையெழுத்து.

ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட் வந்தது. அசல் 3,65,000. ஒன்பது சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 90 ரூபாய். 5ஆம் தேதித் தவணைக்குப் பிறகு ஐந்து நாளுக்கு 450. அதன் கீழே முன்அடைப்புக் கட்டணம் இரண்டு சதவீதம், 7,300, அதற்கு ஜி.எஸ்.டி. 1,314.

நான் பெருந்தன்மையாக, "கட்டிடுவோம், போகட்டும்" என்றேன்.

"நம்மது மாறும் வட்டிக் கடன்ங்க. தனிநபர் வீட்டுக் கடன்ல இதுக்குக் கட்டணமே வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு! நிலையான வட்டின்னாதான் அந்தப் பேச்சு."

ஷரத்தைக் கேட்டிருந்தோமே, அவர்களால் காட்ட முடியவில்லை. 8,614 ரூபாய் மறைந்தது. நான்கு வரிக் கடிதத்துக்கு வரி ஒன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேல். நான் எழுதியதில் எனக்கு இதுவரை கிடைத்த அதிகபட்சச் சன்மானம், கல்லூரி மலரின் இலவசப் பிரதி.

மீதி வேலையை வெற்றிகரமாக முடிக்கும் ஆவலில் காலண்டரைப் பார்த்தேன். 10 அஷ்டமி, 11 நவமி, 12 மரணயோகம். பதினோரு வருடக் கடனை அப்படிப்பட்ட நாளிலா அடைப்பது? 13ஆம் தேதி நல்ல நேரத்தில் 3,65,450 ரூபாயைக் கட்டிவிட்டு, இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கடன் முடிந்த கடிதம் வரவில்லை. விசாரித்தால், மூன்று நாள் வட்டி 270 ரூபாய் குறைவு, கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதாம். பத்திரம் அவர்கள் பெட்டகத்தில்தான் இருக்கிறது. கடனை முழுதாக அடைத்தால்தானே, 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற கெடு ஓட ஆரம்பிக்கும்!

இனிப்பின் விலை 300.

அந்த 270 ரூபாயை எந்த நாளில் கட்டலாம் என்று காலண்டரைத் தேடினேன். ஆணி மட்டும் இருந்தது.