பெரியப்பா அனுப்பிய அரசாணையைப் பரிசோதிக்கும் முறை

காலை ஆறரை மணிக்குக் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்து விழும். அரசு முத்திரை, கோபுரம், கீழே ஒரு கையெழுத்து. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது அறுபதிலிருந்து அறுபத்திரண்டு ஆகிவிட்டதாம். அனுப்பியவர் பெரியப்பா. முத்திரை இல்லாத மனுவை முப்பது வருடம் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் அவர். இந்தப் படத்தை மட்டும் எந்தக் கேள்வியும் கேட்காமல் கடத்தியிருக்கிறார். நீங்கள் கண் விழிப்பதற்குள் ஒன்பது கும்பிடுகளும் இரண்டு 'வாழ்த்துகள்' படங்களும் வந்திருக்கும். சித்தப்பா மகன் அடுத்த பதவி உயர்வு தள்ளிப்போயிற்றே என்று அழும் பொம்மை போட்டிருப்பான்.

முதல் விதி: உடனே 'இது பொய்' என்று எழுதாதீர்கள். அதை எழுத அத்தை மாப்பிள்ளை ஒருவர் இருக்கிறார், அவர் எழுதட்டும். நீங்கள் படத்தைத் திறந்து விரலால் பெரிதாக்குங்கள்.

எங்கே பார்ப்பது? எல்லோரும் எழுத்துப்பிழையைத் தேடுவார்கள். அது வீண் வேலை. நிஜ அரசாணையிலும் ஒற்று போகும், பக்கம் சாய்ந்து ஸ்கேன் ஆகியிருக்கும், பேனாவால் எண் எழுதியிருப்பார்கள். மங்கலாக இருப்பதும் சாட்சியில்லை, வாட்ஸ்அப்பே படத்தை நசுக்கித்தான் அனுப்பும். முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட வீண். ஒரு முத்திரையை வெட்டி ஒட்ட எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஒரு நிமிடம் போதும்.

தேதியைப் பாருங்கள். நம்மூர் அரசாணையில் தேதி இரண்டு முறை எழுதப்படும் என்பது மோசடிக்காரர்களில் பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்கும் மறந்துபோகும். முதலில் ஆங்கிலத் தேதி. அதையொட்டித் தமிழ் ஆண்டின் பெயர், தமிழ் மாதம், நாள், திருவள்ளுவர் ஆண்டு. ஓய்வு வயதை 58லிருந்து 59 ஆக்கிய உண்மையான ஆணையின் நாள் 7.5.2020. அன்று சார்வரி ஆண்டு, சித்திரை 24, திருவள்ளுவர் ஆண்டு 2051. போலி செய்பவர் இப்படி ஒரு பழைய ஆணையை எடுத்து, எண்ணையும் ஆங்கிலத் தேதியையும் வயதையும் மாற்றி, கண்ணுக்குப் பட்டவரை கைவேலை செய்து முடிப்பார். பெரியப்பா அனுப்பிய படத்தை அப்படி ஒன்றாக வைத்துக்கொள்வோம். மேலே 10.03.2025 என்று இருக்கிறது. அதற்கடுத்த வரியில் சார்வரி, சித்திரை 24, 2051 என்று அப்படியே கிடக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டாம், பாட்டி போதும். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் 2025 மார்ச் 10 தாளைத் தேடினால் குரோதி, மாசி 26 என்று இருக்கும். 'மார்ச்சுல ஏதுடா சித்திரை, பங்குனியே பொறக்கலையே' என்று பாட்டி கேட்டால் வழக்கு பாதி முடிந்தது. திருவள்ளுவர் ஆண்டுக்குக் கணக்கே போடலாம்: ஆங்கில ஆண்டோடு 31 கூட்டுங்கள், 2025க்கு 2056 வரும். பொங்கலுக்கு முந்தைய ஜனவரி நாட்களில் மட்டும் 30தான், ஏனென்றால் அந்த ஆண்டு தை முதல் நாளில் தொடங்குகிறது. ஆனால் குரோதி, விசுவாவசு என்ற பெயர் சித்திரையில்தான் மாறும். ஆகவே தைக்கும் சித்திரைக்கும் நடுவில் உள்ள மூன்று மாதங்களில் திருவள்ளுவர் ஆண்டு புதுசு, ஆண்டின் பெயர் பழசு. கொஞ்சம் விவரமான போலிக்காரர்கூட இந்த மூன்று மாதத்தில் வழுக்கி விழுவார். 2025 என்றதும் விசுவாவசு என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்.

அடுத்தது துறையின் பெயர். ஓய்வு வயதைக் கவனித்த துறைக்கு 2020இல் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை என்று பெயர். 2021இல் அதை மனிதவள மேலாண்மைத் துறை ஆக்கினார்கள். 2025 தேதி போட்ட காகிதத்தின் தலையில் பழைய பெயர் இருந்தால், அந்தக் காகிதம் எந்த வருடத்திலிருந்து கிளம்பி வந்தது என்று அதுவே சொல்கிறது. கையெழுத்துக்குக் கீழே உள்ள பெயருக்கும் இதே சோதனைதான். தலைமைச் செயலாளராக இருந்த க. சண்முகம் 2021 ஜனவரியோடு ஓய்வு பெற்றுவிட்டார். அவரை 2025இல் கையெழுத்துப் போடவைப்பது ஓய்வு வயதை அறுபத்திரண்டுக்கும் மேலே கொண்டுபோய்விடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் விடாதீர்கள். கடைசியாக ஆணையின் வயிற்றைப் பாருங்கள். நிஜ ஆணை மகிழ்ச்சிச் செய்தி சொல்லாது, விதி சொல்லும். ஓய்வு வயதை வைத்திருப்பது அடிப்படை விதி 56. அதைத் தொடாமல் வயதை மாற்ற முடியாது. யாருக்குப் பொருந்தும், எந்த நாளில் ஓய்வு பெறுபவர் முதல் பொருந்தும் என்பதும் அதில் இருந்தாக வேண்டும். 2020 ஆணை மே 31 அன்று ஓய்வு பெற இருந்தவர்களிலிருந்து தொடங்கியது. அரசு ஊழியர் மாதக் கடைசி நாளில்தான் வீட்டுக்குப் போவார் என்பதால் இந்த ஒரு வரிக்காகவே எத்தனையோ பேர் அந்த ஆணையைத் தேடியிருப்பார்கள். போலியில் 'உடனடியாக அமலுக்கு வருகிறது' என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும். மார்ச் 31 அன்று மாலையும் சால்வையும் ஏற்பாடு செய்துவிட்ட ஆள் என்ன செய்வார் என்று அதில் இருக்காது.

முடிவுப் பக்கத்தையும் கேளுங்கள். ஆளுநரின் ஆணைப்படி என்ற வரி, பெறுநர் பட்டியல், அதற்கும் கீழே ஆணைப்படி அனுப்பப்படுகிறது என்று போட்டுப் பிரிவு அலுவலர் கையெழுத்து. போலிக்காரர் முதல் பக்கத்தோடு களைத்துவிடுவார். அதனால்தான் எப்போதும் ஒரே ஒரு பக்கம் மட்டும் வருகிறது, அதுவும் ஸ்கிரீன்ஷாட்டாக. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் இன்னொரு வசதியும் உண்டு: பல கை மாறிய செய்தி என்று காட்டும் இரட்டை அம்புக்குறி காணாமல் போய், பெரியப்பா தானே கோட்டையிலிருந்து கையோடு வாங்கி வந்தது போல இருக்கும்.

தமிழ்நாடு அரசின் tn.gov.in தளத்தில் துறைவாரியாக அரசாணைகள் இருக்கும், அங்கே தேடலாம். ஆனால் அங்கே இல்லை என்பதாலேயே பொய் என்று சொல்லிவிடாதீர்கள். எல்லா ஆணையும் அன்றே ஏறுவதில்லை. ஓய்வு வயது மாதிரி சமாச்சாரம் என்றால் வேறு வழி, வெளியே அறிவிப்பு வந்ததா என்று பாருங்கள்: 59ஐ 60 ஆக்கும் முடிவை 2021 பிப்ரவரியில் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். இத்தனை லட்சம் பேர் சம்பந்தப்பட்ட விஷயம் உங்கள் குடும்பக் குழுவுக்கு மட்டும் ரகசியமாக வராது.

இப்போது குழுவுக்கு வாருங்கள். 'பொய்' என்ற சொல்லைத் தவிர்த்து, பெரியப்பாவுக்குப் பிடித்த பாஷையில் எழுதுங்கள்: 'பெரியப்பா, பெறுநர் பக்கமும் கிடைச்சா அனுப்புங்க, திருத்தம் எந்த விதிக்குன்னு பார்க்கணும்.' பத்து நிமிடத்தில் பழைய கண்காணிப்பாளர் விழித்துக்கொள்வார். படம் நீக்கப்படும். 'எதுக்கும் இருக்கட்டும்னு அனுப்பினேன்' என்று ஒரு விளக்கம் வரும். அதைப் பரிசோதிக்க முறை எதுவும் கிடையாது. ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுக் குழுவை மியூட் செய்யலாம். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தேர்வுகள் இருக்கின்றன. வீட்டில் கல்யாணம் நெருங்குகிறதென்றால் முதலாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மண்டப முகவரி அதே குழுவில்தான் வரும்.